24 முதியோர், ஒரு சமையலறை: வாராந்தர உணவுப் பட்டியல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தல்

முதியோர் இல்லச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு புகார்கள் திரும்பத் திரும்ப வரும். "தினமும் அதே சாம்பார்தான்" என்பது தங்கியிருப்பவர்கள் சொல்வது. "இதுக்கே கை கடிக்குது" என்பது நிர்வாகம் சொல்வது. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டு தரப்பும் பேசாத மூன்றாவது பிரச்சினை ஒன்று உண்டு: வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டிய புரதம் சேர்வதில்லை.

தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் 24 பேர் தங்கும் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 15 பெண்கள், 9 ஆண்கள். பாதிப் பேருக்கு மேல் பல்செட், அல்லது பல்லே இல்லை. 9 பேருக்குச் சர்க்கரை. சமையலுக்கு ஒரு அம்மா, உதவிக்கு ஒருவர். சராசரி எடை 50 கிலோ. முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம் என்று வைத்தால் ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பழைய பட்டியல் எங்கே தவறுகிறது

காலையில் இட்லியோ உப்புமாவோ. மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். நான்கு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். இரவு மறுபடி இட்லி, தோசை அல்லது சோறு. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சமையலறையிலிருந்து ஆளுக்கு நாளைக்கு 330 கிராம் அரிசி, கோதுமை வகை போகிறது. தட்டிலும் பானையிலும் மிஞ்சுவதை எடை போட்டுக் கழித்தால், உண்மையில் உள்ளே போவது 250 கிராம்தான். மீதி 80 கிராம் கழுநீர் வாளிக்குப் போய்விடுகிறது. 24 பேருக்கு அது கிட்டத்தட்ட 2 கிலோ தானியம். வெந்த எடையில் நாளைக்கு 5 கிலோவுக்கும் மேல்.

சாப்பிட்டதில் இருக்கும் புரதம் இவ்வளவு: 250 கிராம் தானியத்தில் 20 கிராம். சாம்பாரில் ஆளுக்கு விழும் 15 கிராம் துவரம்பருப்பில் 3 கிராம் சொச்சம். மாவில் சேரும் உளுந்தில் 2. காபி, டீக்குச் சேரும் 100 மில்லி பாலில் 3. மோருக்கான தயிரில் ஒன்றரை. காய்கறியில் ஒன்றரை. கூட்டினால் 31 சொச்சம். தேவை 50, பள்ளம் 18 சொச்சம்.

இந்தப் பள்ளம் உடனே கண்ணில் படாது. முதலில் தொடையும் புஜமும் மெலியும். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும். படுக்கைப் புண் ஆற நாளாகும். எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று தள்ளிவிடுவார்கள்.

பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். இந்தக் கணக்குக்குத் துவரம்பருப்பு கிலோ 130 ரூபாய், கொண்டைக்கடலை 90, பால் லிட்டர் 50, முட்டை ஆறரை என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் ஒரு கிராம் புரதம் துவரம்பருப்பில் 60 பைசாவுக்குக் கிடைக்கிறது, கொண்டைக்கடலையில் 50 பைசாவை ஒட்டி. முட்டையில் 1 ரூபாய், பாலில் ஒன்றரை ரூபாய். பருப்புதான் மலிவு. ஆனால் பருப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வாய்வு, வயிற்று உப்புசம் என்று நாலாம் நாள் தட்டில் ஒதுக்குவார்கள். பாலுக்கு விலை கூடுதலானாலும் 100 மில்லியில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வருகிறது, மென்று தின்னவும் வேண்டாம். பல் இல்லாதவருக்கு மாலையில் கிடைக்கும் வெந்த முட்டையைவிட நம்பகமான புரதம் குறைவு.

ஆகவே நான்கையும் பங்கு போடுவதுதான் வழி. பருப்பு, பயறு வகை 15 கிராமிலிருந்து 45 ஆகிறது. காபி, டீக்கு முன்போல 100 மில்லி பால் போக, படுக்கும் முன் 150 மில்லி பால் தனியாக. தயிர் 50-லிருந்து 100 கிராம். நாலு மணிக்குப் பிஸ்கட் போய், வாரத்தில் மூன்று நாள் முட்டையும் நான்கு நாள் சுண்டலும். பருப்பில் ஆறரை, பாலில் 5, தயிரில் ஒன்றரை, முட்டை சுண்டலில் நாளொன்றுக்குச் சராசரி 5 சொச்சம். கிட்டத்தட்ட 18 கிராம் ஏறிவிடுகிறது.

இரவுப் பாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏழேகால் மணிக்குச் சாப்பிட்டவருக்கு மறுநாள் எட்டு மணிக்குத்தான் இட்லி. இடைவெளி 13 மணி நேரத்தை ஒட்டுகிறது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்ட இது போதும். 9 மணிக்குச் சர்க்கரை போடாத ஒரு தம்ளர் பால் அந்த இடைவெளியைச் சுருக்கும். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இரைபவருக்கு அதே அளவு பாலை உறைய வைத்து மதியத்திலேயே தயிராகக் கொடுத்துவிட்டு, இரவில் ஒரு சின்ன இட்லியோ அரை வாழைப்பழமோ கொடுக்கலாம்.

முட்டை நாட்களை ஞாயிறு, திங்கள், புதன் என்று வைத்தால் செவ்வாய், வெள்ளி, சனி விரதக்காரர்களோடு மோதாது. முட்டையே தொடாதவர்களுக்கு அன்றும் சுண்டல், கூடவே ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். புரட்டாசியில் முட்டை வேண்டாம் என்பவர்கள் கூடுவார்கள். அந்த மாதத்துக்குப் பயறு அரை மடங்கு அதிகமாக வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.

சலிப்பு எங்கிருந்து வருகிறது

சமையல் வகைகளைக் கூட்டினால் சலிப்பு போய்விடும் என்று நினைத்து, 40 பலகாரம் எழுதிய பட்டியல் ஒட்டிய சமையலறைகள் உண்டு. இரண்டாவது வாரத்திலேயே சமையல் அம்மா தனக்குத் தெரிந்த ஆறுக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் கையால் 24 பேருக்கு நாளைக்கு ஆறு வேளை ஏதாவது ஆக வேண்டும்.

சலிப்பூட்டுவது "செவ்வாய்க்கிழமையா, அப்படியானால் கத்தரிக்காய் சாம்பார்" என்று முந்தின நாளே தெரிந்துவிடுவதுதான். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. காலை, இரவுப் பலகாரத்தைக் கிழமையோடு கட்டிவிடுங்கள். மதியக் குழம்பை மட்டும் கிழமையோடு கட்டாமல், ஐந்து நாள் சுற்றாக விடுங்கள்.

கிழமைப்படி:

திங்கள்: காலை இட்லி, இரவு சப்பாத்தியும் பருப்புக் கடைசலும்.
செவ்வாய்: காலை கோதுமை ரவை உப்புமா, இரவு ரசம் சாதமும் பருப்புத் துவையலும்.
புதன்: காலை தோசை, இரவு சேமியா கிச்சடி.
வியாழன்: காலை இட்லி, இரவு குருணையும் பாசிப்பருப்பும் போட்ட கஞ்சி.
வெள்ளி: காலை வெண்பொங்கல், இரவு சப்பாத்தியும் பட்டாணிக் குருமாவும்.
சனி: காலை ஊத்தப்பம், இரவு கோதுமை ரவைக் கிச்சடி.
ஞாயிறு: காலை இடியாப்பமும் பாசிப்பருப்புக் குருமாவும், இரவு ரசம் சாதமும் கூட்டும்.

மாவு ஆட்டுவது வாரத்துக்கு இரண்டே முறை. ஞாயிறு மாலை ஆட்டியது திங்கள் இட்லிக்கும் புதன் தோசைக்கும், புதன் மாலை ஆட்டியது வியாழன் இட்லிக்கும் சனி ஊத்தப்பத்துக்கும். புதனுக்கும் சனிக்குமான மாவைப் பொங்கியவுடன் தனிப் பாத்திரத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெளியே விட்டால் அந்த நாட்களில் புளிப்பைத் தாங்க முடியாது.

மதியச் சுற்று ஐந்து:

1. சாம்பார், பொரியல்.
2. வத்தக்குழம்பு, பருப்புப் போட்ட கூட்டு.
3. மோர்க்குழம்பு, பருப்பு உசிலி.
4. கீரையும் பருப்பும் சேர்த்த மசியல், ரசம், கிழங்குப் பொரியல்.
5. மிளகு குழம்பு, பருப்புத் துவையல், நீர்க்காய்ப் பொரியல்.

இந்தத் திங்கள் முதல் எண் என்றால், அடுத்த திங்கள் மூன்று, அதற்கடுத்து ஐந்து, இரண்டு, நான்கு. அதே கிழமையில் அதே சாப்பாடு வர 35 நாள் ஆகும். சமையல் அம்மா நினைவில் வைக்க வேண்டியது ஐந்து சாப்பாடு, ஏழு காலை, ஏழு இரவு அவ்வளவுதான். சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, ஒவ்வொரு தேதியிலும் 1 முதல் 5 வரை எண் எழுதிவிட்டால் போதும்.

குழம்புக்கும் தொடுகறிக்கும் இங்கே போட்டிருக்கும் ஜோடி புதிதல்ல. வத்தக்குழம்பில் பருப்பு இல்லை, அதனால்தான் அதற்குக் கூட்டு. மோர்க்குழம்பு லேசானது, அதனால் உசிலி. வீடுகளில் தலைமுறையாக வந்த இந்த ஜோடிகளை விடுதிச் சமையல் பிரித்துவிட்டது. வத்தக்குழம்பு நாளில் முட்டைக்கோஸ் பொரியல் வைத்தால் அன்றைய மதியப் பருப்புக் கணக்கு பூஜ்யம். பட்டியலில் எதை மாற்றினாலும் இந்த ஜோடியை மட்டும் மாற்றக் கூடாது.

உசிலி: கிட்டே போய்ப் பார்த்தால்

ஐந்தில் அதிகம் கெடுவது மூன்றாம் எண். 24 பேருக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 360 கிராம் வீதம் எடுத்து, காய்ந்த மிளகாயோடு ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். அதை இட்லித் தட்டில் 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் கையால் உதிர்க்க வேண்டும். பிறகுதான் வாணலி. பொடியாக நறுக்கி வேகவைத்த பீன்ஸோ கொத்தவரையோ ஒன்றரை கிலோ.

நேரமில்லை என்று ஆவியில் வைக்கும் வேலையைத் தாண்டிவிட்டு, அரைத்த பருப்பை நேரே எண்ணெயில் கொட்டினால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இரண்டு மடங்கு ஊற்றினாலும் அடிப்பிடிக்கும். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பச்சையுமாக நிற்கும். அடுத்த நாள் வாய்வுத் தொல்லை வந்தால் காரணம் அதுதான். சரியாகச் செய்த உசிலியும் உலர்ந்த பதார்த்தம், விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தொண்டையில் நிற்கும். அவர்களுக்கு மோர்க்குழம்பில் குழைத்துப் பிசைந்துதான் கொடுக்க வேண்டும். தனித்தட்டில் ஓரமாக வைக்கவே கூடாது.

சுண்டலுக்கும் இதே போல் ஒரு தடை உண்டு: வேகாத கடலை. ஊர்ப்புறத்தில் போர்த் தண்ணீர் உப்புத்தன்மையாக, கடினமாக இருக்கும். அதில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் பயறின் தோலை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல் மாதிரி நிற்கும். பழைய சரக்கு என்றால் இன்னும் மோசம். குடிநீரில் 10 மணி நேரம் ஊறவைத்து, அதே போன்ற நல்ல தண்ணீரில் வேகவைக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கினால் பருக்கை தெரியாமல் மசிய வேண்டும். ஆப்பச் சோடா போட்டால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் உப்புச் சத்து ஏறும், தயமின் அழியும். பல் இல்லாதவர்கள் பங்கை மத்தால் மசித்து, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் கிண்ணத்தில் கொடுக்கலாம். பாசிப்பயறு என்றால் இந்தத் தொல்லையே குறைவு.

காய்கறி: பெயர் எழுதாதீர்கள்

பட்டியலில் "அவரைக்காய்ப் பொரியல்" என்று எழுதினால் அவரை கிலோ 100 விற்றாலும் வாங்கி வருவார்கள். அதற்குப் பதில் வகையை எழுதலாம்: நீர்க்காய், அவரை வகை, கிழங்கு, கீரை. நீர்க்காய் என்றால் சுரை, புடலை, பீர்க்கன், பூசணி, சௌசௌ, அன்றைக்கு எது மலிவோ அது. உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குபவரே முடிவு செய்யலாம். முகூர்த்த நாட்களை ஒட்டி விலை ஏறும். அந்த வாரங்களில் வாழைக்காய், பூசணி, கீரை கைகொடுக்கும். தக்காளி எகிறினால் ரசத்தையும் குழம்பையும் புளியில் நிறுத்திவிடலாம். முருங்கைக்கீரை பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும், சத்திலும் பல கீரைகளைவிட மேல். காம்பை முழுக்க நீக்காவிட்டால் பல்செட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் ஒரே சங்கடம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் இருந்தால் கீரையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அதை மருத்துவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

கணக்கு

பட்டியலில் சேர்த்தவை ஆளுக்கு நாளைக்கு: பருப்பு 3.90, பால் 7.50, தயிர் 2.50, முட்டை 2.80, சுண்டல் 1.30. மொத்தம் 18 ரூபாய்.

இனி மீட்பது. தானியத்தை 330-லிருந்து 250-க்கு இறக்கினால், அரிசி கிலோ 55 என்ற கணக்கில் 4.40. பிஸ்கட், மிக்ஸர் வாங்காததில் 5. காய்கறியை விலை பார்த்து வாங்கினால் 150 கிராமுக்கு 3. எண்ணெய் 35 கிராமிலிருந்து 22-க்கு வந்தால் 2. கூட்டினால் 14.40. மிச்சம் 3.60 ரூபாய் துண்டு விழுகிறது. 24 பேருக்கு மாதம் ஏறக்குறைய 2,600. இதை மறைக்கத் தேவையில்லை. புரதத்தைக் கூட்டி, செலவையும் குறைத்துக் காட்டும் பட்டியல் எதுவாக இருந்தாலும், அதில் பாலில் தண்ணீர் கலந்திருக்கும், இல்லையென்றால் தாளில்தான் பால் இருக்கும்.

அரிசியை இறக்கும்போது யாருக்கும் குறைத்துப் பரிமாறக் கூடாது. மதியத்துக்கு ஆளுக்கு 110 கிராம் வீதம் 2 கிலோ 650 கிராம் அரிசி உலையில் போட்டால் ஏழரை கிலோ அளவுக்குச் சோறு வரும், இரண்டாவது முறை கேட்பவருக்கும் சேர்த்துத்தான் அது. மிஞ்சியதை வாரம் முழுக்க எடை போட்டு, எந்த நாளில் எது மிஞ்சுகிறது என்று எழுதினால், மறு வாரம் எந்தப் பதார்த்தத்தை மாற்றுவது என்று தானே தெரியும். சர்க்கரை உள்ளவருக்குத் தனிச் சமையல் வேண்டாம். ஒரு கிண்ணத்தால் சோற்றை அளந்து, கூட்டும் பொரியலும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தால் போதும்.

பருப்பு மட்டும் காலையில் எடை போட்டுத்தான் சமையலறைக்குப் போக வேண்டும், நாளைக்கு 1 கிலோ 100 கிராம். கண்ணளவில் விட்டால் மாதக் கடைசியில் சாம்பார் தண்ணீராகும். போட்டது தட்டுக்கும் போக வேண்டும். பரிமாறுபவர் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காவிட்டால் முதல் பந்திக்குத் தெளிவும் கடைசிப் பந்திக்குப் பருப்பும் போய்ச் சேரும்.

உப்புக்கும் இதே வகைக் கணக்கு. ஆளுக்கு 5 கிராம் என்றால் 24 பேருக்கு 1 கிலோ பாக்கெட் எட்டு நாளைத் தாண்ட வேண்டும். ஐந்து நாளில் காலியானால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, ஊறுகாயும் அப்பளமும் அதில் சேரவில்லை. ஒரே நாளில் குறைத்தால் "சப்புனு இருக்கு" என்று ஊறுகாய்ப் பாட்டிலைத் தேடுவார்கள். வயதில் நாக்கு மந்தமாகிறது, அந்தப் புகாரும் பொய்யில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் வறுத்த சீரகம், மிளகு, எலுமிச்சை, கொத்தமல்லியை ஏற்றலாம். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் சில இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்து. பொதுச் சமையலில் வேண்டாம்.

அன்னதானம் என்ற சுழல்

எவ்வளவு பார்த்துப் போட்ட பட்டியலையும் குலைப்பது நல்ல மனம்தான். பிறந்தநாள், திருமண நாள், அப்பாவின் திதி என்று வருபவர்கள் எல்லோரும் வடை பாயசத்தோடு சாப்பாடு போடவே விரும்புவார்கள். முகூர்த்த மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று பாயசம் வரும். 9 பேருக்குச் சர்க்கரை ஏறும். அடுத்த பத்து நாள் யாரும் வரமாட்டார்கள்.

பாயசத்தை மறுத்தால் மனம் கோணும். பதிவு செய்யும்போதே மூன்று வகைத் தாள் ஒன்றை நீட்டுவது நல்லது. விருந்துச் சாப்பாடு, வாரத்தில் ஒரு முறைக்கு மட்டும். அதற்கு மேல் கேட்பவருக்கு, அன்றைய சுற்றுச் சாப்பாட்டோடு பழமும் 50 மில்லி பாயசமும். மூன்றாவது, "ஒரு மாத இரவுப் பால்" அல்லது "ஒரு மாத முட்டை". கடைசி வகையில் ஒரு மாத முட்டைக்கு, 24 பேருக்கு மாதம் 13 முட்டை நாள் என்று வைத்தால் ஏறக்குறைய 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பிறந்தநாள் செலவுக்குள் அடங்கும் தொகை. பெயரைச் சாப்பாட்டுக் கூடப் பலகையில் மாதம் முழுக்க எழுதி வைத்தால், ஒரு நாள் விருந்தைவிட அதையே தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். துண்டு விழும் 2,600-இல் பெரும்பகுதி இப்படித் தீரும்.

வெளியே சமைத்துக் கொண்டுவரும் பிரியாணி, தயிர் சாதப் பொட்டலங்களுக்கு ஒரே விதி: கொண்டுவந்தவர் இருக்கும்போதே, சூடு ஆறும் முன் பரிமாறி முடிக்க வேண்டும், மிச்சத்தை இரவுக்கு எடுத்து வைக்கக் கூடாது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. இளவயதில் ஒரு நாள் வாந்தியோடு முடிவது, 80 வயதில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதில் முடியும்.

பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டாம். மாதத்தின் முதல் தேதியில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, அதே எடைக் கருவியில் எல்லோரையும் நிறுத்தி ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஒரே மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், 45 கிலோக்காரருக்கு அது இரண்டேகால் கிலோ, அல்லது ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்து குறைந்தால், அது சாப்பாட்டுக் குறையோ நோயோ, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. கால் வீங்கியிருந்தால் எடை குறையாததுபோலத் தெரியும், அதையும் பக்கத்தில் எழுத வேண்டும். எடை குறைபவர் தட்டை மூன்று நாள் தனியாகக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும்: பல்செட் தளர்ந்திருக்கும், வாயில் புண் இருக்கும், அல்லது பக்கத்துக் கட்டில்காரருக்குத் தன் முட்டையைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

சுண்ணாம்புச் சத்தில் இந்தப் பட்டியல் முழுதாக எட்டாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. பாலும் தயிரும் சேர்ந்து 400 சொச்சம். செவ்வாய், சனி 11 மணி மோரில் கரைக்கும் கேழ்வரகுக் கூழ் 30 கிராம் மாவுக்கு இன்னொரு 100 தரும். கீரை நாளில் கொஞ்சம் கூடும். மீதிக்கு மாத்திரை வேண்டுமா என்பதை அந்த எடை நோட்டோடு மருத்துவரிடம் கேட்க வேண்டும், சமையலறையில் இதற்கு மேல் வழியில்லை.